எட்டுக்கு ஆறு

படம் வரைந்து தரும் மாடல்களோடு வேலை செய்கிற பெரும்பாலோரிடம் ஒரு கோப்பு இருக்கும். நன்றாக வந்த படங்களின் ப்ராம்ப்ட்களை அதில் ஒட்டி ஒட்டிச் சேர்த்திருப்பார்கள். சில மாதம் கழித்து அதிலிருந்து ஒன்றை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தால் பழைய படம் வராது. சில சமயம் அதன் சாயல்கூட இருக்காது. அந்த ப்ராம்ப்ட்டில் ஒரு குறையும் இல்லை. அன்றைய படத்துக்கு அது ஒரு காரணம் மட்டுமே. மற்ற காரணங்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த மற்ற காரணங்களில் முதலாவது, படம் தொடங்குகிற இடம். ஸ்டேபிள் டிஃப்யூஷன், ஃப்ளக்ஸ் போன்ற டிஃப்யூஷன் மாடல்கள் வெற்றுத் தாளில் வரையத் தொடங்குவதில்லை. பழைய தொலைக்காட்சியில் அலைவரிசை இல்லாதபோது தெரியும் புள்ளிக் கூட்டம் போன்ற இரைச்சலிலிருந்து தொடங்குகின்றன. அந்த இரைச்சலைப் படிப்படியாக, இருபது முப்பது தடவை கழித்துக் கழித்துப் படமாக்குகின்றன. ஒவ்வொரு படியிலும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ப்ராம்ப்ட் இழுக்கிறது. ஆனால் எங்கிருந்து கிளம்புவது என்பதை ‘சீட்’ என்கிற ஓர் எண் தீர்மானிக்கிறது. அந்த எண்ணிலிருந்துதான் கணினி தொடக்க இரைச்சலை உருவாக்குகிறது. மாடல், அமைப்புகள், சீட் மூன்றும் மாறாமல் இருந்தால் அதே ப்ராம்ப்ட் ஏறக்குறைய அதே படத்தைத் தரும். சீட் மட்டும் மாறினால் ஆள் நிற்கும் இடம், கேமராவின் தூரம், வெளிச்சம் வரும் திசை எல்லாம் மாறிவிடும். படத்தின் பெரிய அமைப்பு முதல் சில படிகளிலேயே முடிவாகிவிடுவதும், பின்னால் வரும் படிகள் தோல், துணி, இலை என்று நுணுக்கங்களை நிரப்புவதும் இதற்குக் காரணம்.

ஆகவே ப்ராம்ப்ட் நூலகத்தில் சேமிக்க வேண்டியது வாக்கியத்தை மட்டும் அல்ல. வாக்கியத்தோடு ஒரு சோதனையையும் அதன் முடிவையும்தான். ‘இது நன்றாக வந்தது’ என்ற குறிப்பு அடுத்த முறைக்கு எதையும் சொல்வதில்லை. ‘எட்டு சீட்களில் ஆறில் இது வந்தது’ என்ற குறிப்பு சொல்கிறது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு ப்ராம்ப்ட்டில் நாம் கேட்ட ஷாட் நூற்றுக்கு ஐந்து தடவைதான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது அந்த ப்ராம்ப்ட் கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை. இருபது படம் எடுத்தால் அவற்றில் ஒன்றாவது சரியாக வர எவ்வளவு வாய்ப்பு? நூற்றுக்கு அறுபத்து நான்கு. அந்த ஒன்றைப் பார்த்து மகிழ்ந்து ப்ராம்ப்ட்டைச் சேமித்தால், நாம் சேமித்தது சீட்டின் தற்செயலை. இப்படிச் சேர்ந்த ப்ராம்ப்ட்கள்தான் பல தொகுப்புகளை நிரப்புகின்றன. இதிலிருந்து தப்ப ஒரே வழி, சீட்களை முன்கூட்டியே முடிவு செய்து எல்லாச் சோதனைக்கும் அதே சீட்களைப் பயன்படுத்துவது. 101 முதல் 108 வரை என்று எட்டு எண்களை எடுத்துக்கொண்டால் போதும். எண்களில் எந்தச் சிறப்பும் இல்லை. அவை மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

எட்டு என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் மறக்கக் கூடாது. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஒரு சொல்கூட, ஏழு முறை சோதித்தால் ஒரு முறை எட்டுக்கு ஆறோ அதற்கு மேலோ எடுத்துவிடும். எனவே எட்டுக்கு ஆறுக்கும் எட்டுக்கு ஐந்துக்கும் வேறுபாடு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுக்கு இரண்டுக்கும் எட்டுக்கு ஏழுக்கும் இருக்கிற வேறுபாட்டை நம்பலாம். இந்த அளவு தெளிவே நம் வேலைக்குப் போதும்.

சரி, ஒரு காட்சியை எடுத்து இந்த வேலையைச் செய்து பார்ப்போம். ஒரு குறும்படத்துக்கான ஸ்டோரிபோர்டு. இரவு, மழை, வெறிச்சோடிய ரயில்வே நடைமேடை. தூரத்தில் ஒரு முதியவர் தனியாக நிற்கிறார். லாங் ஷாட் வேண்டும். தனிமை தெரிய வேண்டும். முதன்முதலில் எழுதுகிறவர் இப்படித்தான் எழுதுவார்:

```
extreme wide shot, a lonely old man on a railway platform,
night, rain, wrinkled face, sad eyes, cinematic
```

இதை எஸ்டிஎக்ஸ்எல் மாடலில் ஓட்டினால் பெரும்பாலும் வருவது லாங் ஷாட் அல்ல. மார்பளவு மிட் ஷாட்டோ குளோஸ்-அப்போ வரும். சுருக்கம் விழுந்த முகம், கலங்கிய கண், பின்னால் மங்கலான விளக்குகள். ‘எக்ஸ்ட்ரீம் வைட்’ என்று முதல் சொல்லாகவே எழுதியும் கேமரா கிட்டே வந்து நிற்கிறது.

ஏன்? சுருக்கங்களையும் கண்ணையும் நாம் கேட்டிருக்கிறோம். அவை கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் முகம் பெரிதாக இருந்தாக வேண்டும். மாடல் கற்றது இணையத்துப் படங்களிலிருந்தும் அவற்றோடு ஒட்டியிருந்த விளக்க வரிகளிலிருந்தும். சுருக்கம் விழுந்த முகத்தைப் பற்றிப் பேசுகிற வரிகள் பெரும்பாலும் குளோஸ்-அப் படங்களின் கீழேதான் இருந்தன. மறுபக்கம், ஒரு மலைக்காட்சியைப் படம் எடுத்துப் போடுகிறவர் ‘வைட் ஷாட்’ என்று எழுதுவது அரிது. மலை, பள்ளத்தாக்கு, சிறு உருவமாக ஓர் ஆள் என்று எதிரில் இருப்பதைத்தான் எழுதுவார். ஆகவே கேமராமேன் சொல்லும் ஷாட் பெயருக்கு மாடலிடம் இருக்கிற பிடி மெல்லியது. படத்தில் இருக்கும் பொருளுக்கு இருக்கிற பிடி வலுவானது. இரண்டும் முரண்பட்டால் பொருளே வெல்லும்.

இன்னொரு சொல்லும் இங்கே குற்றவாளி. ‘லோன்லி’. இது மூட் பற்றிய சொல் என்று நினைத்து எழுதினோம். ஆனால் விற்பனைக்கு வைக்கப்படும் புகைப்படத் தொகுப்புகளில் தனிமை, சோகம் என்று பெயரிடப்பட்டவற்றில் ஏராளமானவை கன்னத்தில் கை வைத்த, ஜன்னலோரத்து முகங்கள். மூட் சொல் ஷாட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. ப்ராம்ப்ட் நூலகம் வைத்திருப்பவர் கற்க வேண்டிய முதல் உண்மை இதுதான் என்பேன். ஷாட், மூட், மாடல் என்று மூன்று பிரிவுகளை நாம் நம் வசதிக்காகப் போடுகிறோம். மாடலுக்குள் ஷாட்டும் மூட்டும் பிரிந்திருப்பதில்லை. அதனால் ஷாட் சொற்களைத் தனியாகவும் மூட் சொற்களைத் தனியாகவும் பட்டியல் போட்டு, வேண்டும்போது ஒட்டிக்கொள்ளலாம் என்ற திட்டம் நடக்காது. ஒட்டிய பிறகு மறுபடி சோதித்தாக வேண்டும்.

எது இழுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதே எட்டு சீட்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொற்றொடராக நீக்குங்கள். ‘சினிமாட்டிக்’கை எடுத்து எட்டுப் படம். அதைத் திரும்பப் போட்டு, கண்ணையும் சுருக்கத்தையும் எடுத்து எட்டுப் படம். பிறகு ‘லோன்லி’யை எடுத்து எட்டுப் படம். ஒரே சீட்டின் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், கேமரா எந்த நீக்கத்தில் பின்னால் நகர்ந்தது என்று தெரிந்துவிடும். குறிப்பில் எழுத வேண்டியது இந்தக் காரணத்தைத்தான். ‘முக விவரம் எழுதினால் லாங் ஷாட் உடைகிறது’ என்ற ஒரு வரி, இந்த நடைமேடையைத் தாண்டி எந்தக் காட்சிக்கும் உதவும்.

நீக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை வைத்துத் திருத்தி எழுதினால் இப்படி வரும்:

```
empty railway platform at night, rain, long row of pillars,
wet concrete reflecting one lamp, tiny figure of an old man
far away, seen from behind, holding an umbrella
```

இதில் தனிமை என்ற சொல்லே இல்லை. வெற்று நடைமேடை, நீண்ட தூண் வரிசை, ஒற்றை விளக்கு, சிறு உருவம் ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன. ‘வைட் ஷாட்’ என்ற சொல்லும் இல்லை; தூண் வரிசையும் ‘தூரத்தில் சிறு உருவம்’ என்பதும் கேமராவைப் பின்னால் தள்ளுகின்றன. இடத்தை முதலில் சொல்லி ஆளைப் பின்னால் சொன்னதும் உதவுகிறது. இதோடு படத்தின் அளவையும் அகலவாட்டில், 1216×832 என்று வைத்தால் மாடல் இடக்காட்சியின் பக்கம் சாயும். நெட்டுவாட்டில் வைத்தால் ஆள் படத்தின் பக்கம் சாயும். அளவு என்பதும் ஒருவகையில் ப்ராம்ப்ட்டின் பகுதியே என்பதால், ஒவ்வொரு ப்ராம்ப்ட்டுக்கும் நாம் எழுதி வைக்கும் அட்டையில் அதற்குக் கட்டாயம் ஓர் இடம் வேண்டும்.

முதியவரை முதுகு காட்டி நிற்க வைத்தது அழகுக்காக மட்டும் அல்ல. இந்த மாடல்கள் நேரடியாகப் படப்புள்ளிகளில் வேலை செய்வதில்லை. படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒன்றாகச் சுருக்கிய ஒரு வடிவத்தில்தான் வரைகின்றன. லாங் ஷாட்டில் முகம் நாற்பது புள்ளி அகலம் இருந்தால், மாடலுக்குக் கிடைப்பது ஐந்துக்கு ஐந்து கட்டம். அதற்குள் இரண்டு கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் அடைக்க முடியாது. முகம் கலைந்துதான் வரும். எத்தனை சொல் சேர்த்தாலும் இது தீராது. இதை ‘ப்ராம்ப்ட் தோல்வி’ என்று எழுதிவிட்டால், நல்ல ஷாட் சொற்றொடரை வீணாகத் தூக்கி எறிந்துவிடுவோம். ‘ஷாட் சரி, முகம் சிறியது, தனியே பெரிதாக்கி வரைய வேண்டும்’ என்று எழுதினால் சொற்றொடர் தப்பிக்கும்.

முழு உருவ ஷாட்டுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். தலை முதல் கால் வரை வேண்டும் என்றால் ‘ஃபுல் பாடி ஷாட்’ என்று எழுதுவதைவிட, செருப்பையும் அது நிற்கும் தரையையும் எழுதுவது நன்றாக வேலை செய்யும். செருப்பு தெரிய வேண்டுமானால் கால் படத்துக்குள் வந்தாக வேண்டும். ஆனால் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5இல் இதற்கும் ஓர் எல்லை உண்டு. அது 512×512 சதுரப் படங்களில் பயின்றது. நெட்டுவாட்டுப் படங்கள் பயிற்சியின்போது சதுரமாக வெட்டப்பட்டன. வெட்டும்போது பலரின் தலையும் காலும் போயின. ஆகவே தலை வெட்டுப்பட்ட படத்தையும் அது இயல்பான படம் என்றே கற்றுக்கொண்டது. சரி, உயரத்தைக் கூட்டலாம் என்று 512×1024 வைத்தால் ஒருவர் தலைக்கு மேல் இன்னொரு தலை முளைக்கும். 2023 ஜூலையில் வந்த எஸ்டிஎக்ஸ்எல்லை உருவாக்கியவர்கள் இந்தக் குறையைத் தங்கள் ஆய்வுக் கட்டுரையிலேயே எடுத்துக்காட்டினார்கள். படம் எங்கே வெட்டப்பட்டது என்ற தகவலையும் மாடலுக்குச் சேர்த்துக் கற்பித்தார்கள். பல நீள அகல விகிதங்களிலும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரே ப்ராம்ப்ட் ஒரு மாடலில் தலையை வெட்டி இன்னொன்றில் முழுதாகத் தருவதற்கு இதுவே காரணம்.

இனி மூட். இங்கே சொற்களைவிட வெளிச்சம்தான் பேசும். ‘சோகமான’, ‘மர்மமான’, ‘அமைதியான’ என்பவை முடிவுகள். ஒளிப்பதிவாளர் அந்த முடிவுக்கு விளக்கின் வழியாகப் போகிறார். விளக்கு எங்கே இருக்கிறது, எத்தனை, என்ன நிறம், நிழல் கூர்மையா மங்கலா, காற்றில் ஈரமோ புகையோ இருக்கிறதா? மூட் அட்டையில் மேலே ‘இரவுத் தனிமை’ என்று நாம் விரும்பும் பெயரை வைத்துக்கொள்ளலாம். கீழே ப்ராம்ப்ட்டுக்குப் போக வேண்டியவை இந்தக் கேள்விகளின் பதில்கள். தலைக்கு மேல் ஒற்றை விளக்கு, சோடியம் விளக்கின் ஆரஞ்சு நிறம், மேகம் மூடிய காலை, பக்கவாட்டு ஜன்னல் ஒளி என்று எழுதினால் மாடலுக்குப் பிடி கிடைக்கும். ‘சினிமாட்டிக்’ போன்ற சொல்லை நான் மூட் அட்டைகளில் சேர்ப்பதே இல்லை. அது பெரும்பாலும் நீலப்பச்சை நிழல், ஆரஞ்சு தோல், மங்கிய பின்னணி என்ற ஒரே சாயத்தை எல்லாக் காட்சி மீதும் பூசிவிடும். பத்து அட்டைகளின் படங்கள் ஒரே படம் போலத் தெரிந்தால் அட்டைகளால் பயனில்லை.

நம் காட்சிக்குத் தேவை நல்ல இருட்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5இல் இதைக் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு கெஞ்சினாலும் இருட்டு வராது. கரிய வானம் கேட்டால் எங்கோ ஒரு பெரிய நிலவும், பளபளக்கும் தரையும், கூடுதல் விளக்குகளும் வந்து சேரும். படத்தின் மொத்த வெளிச்சத்தைச் சராசரி எடுத்தால் நடுச் சாம்பல் அருகில் நிற்கும். வெள்ளைப் பனிவெளி கேட்டாலும் அப்படித்தான்.

இதன் காரணம் சுவையானது. பயிற்சியின்போது ஒரு படத்தில் இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் முழு இரைச்சலாக்க வேண்டும். ஆனால் இந்த மாடல்களின் கணக்கில் கடைசிப் படியிலும் படம் முழுதாக அழிவதில்லை. மிக மெல்லிய சுவடு மிஞ்சுகிறது. மொத்தப் படமும் இருட்டா வெளிச்சமா என்ற தகவல் அந்தச் சுவட்டில் தங்கிவிடுகிறது. மாடல் அதைப் பார்த்தே சராசரி வெளிச்சத்தை ஊகிக்கப் பழகிவிட்டது. நாம் படம் கேட்கும்போதோ தொடக்கத்தில் இருப்பது கலப்பற்ற இரைச்சல். அதன் சராசரி நடுவில் நிற்கும். மாடல் அதை நம்பி, படத்தையும் நடு வெளிச்சத்திலேயே வைக்கிறது. 2023இல் இந்தக் குறை ஆய்வாளர்களால் தெளிவாக விளக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்பே பயிற்சி இரைச்சலில் ஒரு சிறு பெயர்ச்சியைச் சேர்த்து இதைச் சரிசெய்யும் முறையும் வந்திருந்தது. 2024 ஆகஸ்டில் வந்த ஃப்ளக்ஸ் வேறு கணக்கில் பயின்றது. தொடக்கம் உண்மையாகவே முழு இரைச்சல் என்பதால் அதில் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

இதனால் நூலகத்துக்கு என்ன? 1.5 மாடலுக்கான ‘இரவுத் தனிமை’ அட்டையில் ‘இருட்டுச் சொற்கள் எதுவும் உதவாது, கரிய படம் ஒன்றைத் தொடக்கமாகக் கொடுத்து அதன் மேல் வரைய வேண்டும்’ என்று எழுதி, அந்த முயற்சியை அதோடு நிறுத்திவிடலாம். தோல்வி எழுதிய சொல்லில் இருக்கிறதா, மாடலின் கட்டமைப்பில் இருக்கிறதா என்று பிரித்து எழுதுவதுதான் குறிப்புகளில் மிக விலை மதிப்புள்ளது. சொல்லில் இருந்தால் இன்னும் முயலலாம். கட்டமைப்பில் இருந்தால் மாடலை மாற்ற வேண்டும்.

மூட்டைத் தொடும் இன்னொரு அமைப்பு, ப்ராம்ப்ட் எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும் என்று சொல்லும் எண். திரையில் `CFG Scale` என்று இருக்கும். அதைக் கூட்டக் கூட்ட நிறங்கள் அடர்ந்து, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையே வேறுபாடு கூர்மையாகும். மங்கலான மழைக்காலைக்கு ஐந்தும், பளிச்சென்ற திருவிழாவுக்கு ஏழும் பொருந்தலாம். ஆகவே மூட் அட்டையில் இந்த எண் இல்லாவிட்டால் பாதி மூட் காணாமல் போய்விடும்.

மூன்றாவது பிரிவான மாடலுக்கு வருவோம். ஒரு மாடலின் ப்ராம்ப்ட் இன்னொன்றுக்கு ஏன் ஒத்துப்போவதில்லை என்பதற்கு மூலகாரணம், சொற்களைப் படிக்கும் பகுதி மாடலுக்கு மாடல் வேறு என்பதே. ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5இல் அந்த வேலையைச் செய்வது 2021இல் ஓபன்ஏஐ வெளியிட்ட கிளிப். ஒரு தடவைக்கு 77 டோக்கன்தான் அது படிக்கும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இரண்டு போக மிச்சம் 75. அதைத் தாண்டினால் சில மென்பொருள்கள் மீதியை வெட்டி எறிந்துவிடும், சில துண்டு துண்டாகப் படிக்க வைக்கும். எஸ்டிஎக்ஸ்எல்லில் கிளிப் வகையைச் சேர்ந்த இரண்டு பகுதிகள் இருக்கின்றன, எல்லை அதேதான். இந்த வகை, சொற்களை ஒரு கூடையில் போட்டது போலவே பெரிதும் பார்க்கிறது. எந்தச் சொல் எதைச் சேர்ந்தது என்ற உறவில் தடுமாறும். சிவப்புக் குடை, நீலப் பெட்டி என்று எழுதினால் நீலக் குடை வருவது இதனால்தான். ‘ஆட்கள் இல்லாத’ என்பதற்கு `no people` என்று எழுதினால் ஆட்கள் வந்து நிற்பதும் இதனால்தான். வேண்டாதவற்றை எழுதத் தனிப் பெட்டி இருக்கிறது. `close-up, portrait` என்பதை நம் லாங் ஷாட்டுக்காக அதில் போடலாம்.

ஃப்ளக்ஸ் முக்கியமாக நம்பியிருப்பது டி5 என்ற பெரிய மொழி மாடலை. அது வாக்கியத்தை வாக்கியமாகப் படிக்கும், நீளமும் தாங்கும். அதே காட்சியை அதற்கு இப்படி எழுத வேண்டும்:

```
A railway platform at night in steady rain, seen from its
far end. One old man stands with his back to us, very small
in the picture. The single lamp above him is the only light;
everything beyond it is black.
```

கமா போட்டு அடுக்கிய சொற்களை இங்கே கொடுத்தாலும் படம் வரும். ஆனால் ‘அவருக்கு மேலே உள்ள விளக்கு மட்டுமே வெளிச்சம்’ என்ற உறவை அடுக்குச் சொற்களால் சொல்ல முடியாது. அதே சமயம், ஃப்ளக்ஸின் `dev` பதிப்பில் வேண்டாதவற்றுக்கான பெட்டி இயல்பாக வேலை செய்யாது. பின்னணியை மங்கலாக்கும் பழக்கமும் அதற்கு அதிகம். லாங் ஷாட்டில் தூண்கள் கடைசிவரை தெளிவாகத் தெரிய வேண்டுமானால் அதைத் தனி வாக்கியமாகவே எழுதிப் பார்க்க வேண்டும். ஆகவே ஒரே காட்சிக்கு ஒரு ப்ராம்ப்ட், பக்கத்தில் மூன்று மாடல் பெயர் என்று அட்டை போடாதீர்கள். மாடலுக்கு ஓர் அட்டை.

தமிழில் எழுதலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கிளிப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பயின்றது. தெரியாத எழுத்துகளைப் பைட்டுகளாக உடைத்துப் படிக்கும். ‘வெறிச்சோடிய’ என்ற ஒரு சொல்லில் கணினிக்குப் பதினொரு குறியீடுகள், முப்பத்து மூன்று பைட்டுகள். சில சொற்களுக்குள் 75 டோக்கன் தீர்ந்துவிடும். படித்தவற்றில் பொருளும் கிடைக்காது. நம் ஊர்ப் பொருள்களின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவதும் நிச்சயமில்லை. வேட்டி என்று பெயரைச் சொல்வதா, கணுக்கால்வரை இடுப்பில் சுற்றிய வெள்ளைப் பருத்தித் துணி என்று வருணிப்பதா என்பதை ஒவ்வொரு மாடலிலும் எட்டு சீட் ஓட்டிப் பார்த்து, எது வென்றதோ அதைக் குறித்து வையுங்கள். தமிழ்ச் சூழலை வரைகிறவரின் நூலகத்தில் இந்தப் பக்கம் வேறு எங்கும் கடன் வாங்க முடியாத பக்கம்.

அட்டையின் வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு விரிதாள் போதும். எளிய உரைக் கோப்பும் போதும். கோப்புறைகளுக்குள் கோப்புறை வேண்டாம். ஷாட்டுக்கு ஒன்று, அதற்குள் மூட்டுக்கு ஒன்று என்று அடுக்கினால், ‘எல்லா இரவு அட்டைகளும்’ என்று தேட முடியாது. மூன்றையும் மூன்று நிரல்களாக வைத்தால் எந்தப் பக்கமிருந்தும் வடிகட்டலாம். எஸ்டிஎக்ஸ்எல்லுக்கான ஓர் அட்டை இப்படி இருக்கலாம். எண்கள் மாதிரிக்காக மட்டும்:

```
shot: wide          mood: night-alone
model: sdxl-base-1.0
size: 1216x832   steps: 30   cfg: 6
seeds: 101-108
shot_ok: 6/8   mood_ok: 5/8   both: 4/8
```

இதன் கீழே முழு ப்ராம்ப்ட், வேண்டாதவற்றின் பெட்டி, தேதி, மென்பொருளின் பெயர், பிறகு இரண்டு மூன்று வரி காரணக் குறிப்பு. மென்பொருள் பெயர் எதற்கு என்று தோன்றலாம். தொடக்க இரைச்சலை இயல்பாக `AUTOMATIC1111` கிராஃபிக்ஸ் அட்டையில் உருவாக்குகிறது. `ComfyUI` மையச் செயலியில் உருவாக்குகிறது. சீட் எண் ஒன்றாக இருந்தும் இரண்டிலும் இரைச்சல் வேறு, படம் வேறு. ஆனால் இரண்டுமே அமைப்புகளைப் படத்தின் பிஎன்ஜி கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கின்றன. ஆகவே மூலக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். அதை வாட்ஸப்பில் படமாக அனுப்பித் திரும்ப எடுத்தால் அந்தத் தகவல் போய்விடும்.

‘சரி’ என்று எண்ணுவதற்கு முன்பு எது சரி என்பதை எழுதிவிட வேண்டும். லாங் ஷாட் என்றால் ஆளின் உயரம் சட்டத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள். மிட் ஷாட் என்றால் கீழ் ஓரம் இடுப்பருகே வெட்ட வேண்டும். குளோஸ்-அப் என்றால் முகம் சட்டத்தின் பாதியைத் தாண்ட வேண்டும். அளவுகோல் முன்பே இல்லாவிட்டால், அழகான படத்தைப் பார்த்ததும் அது லாங் ஷாட்தான் என்று நம் கண்ணே சொல்லிவிடும். மூட்டுக்கு அளவுகோல் கிடையாது. அதற்கு வேறொருவரின் கண் வேண்டும். எட்டுப் படங்களைத் தலைப்பில்லாமல் காட்டி, ‘இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது?’ என்று மட்டும் கேளுங்கள். நாம் வைத்த பெயரை அவரிடம் சொல்லிவிட்டால் சோதனை கெட்டுவிடும்.

இணையச் சேவைகளில் வரைகிறவர்கள் இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இயல்பான பதிப்பு மாறிக்கொண்டே இருக்கும்; மிட்ஜர்னியில் `--v` என்று பதிப்பு எண்ணை ப்ராம்ப்ட்டோடு எழுதிவிடுவது நல்லது. இரண்டு, நாம் எழுதியதை மாடல் அப்படியே படிக்கிறது என்பதற்கு உறுதி இல்லை. டால்-இ 3ஐ நிரல்வழி அழைத்தபோது அது நம் ப்ராம்ப்ட்டை விரித்து எழுதிக்கொண்டு, அந்தப் புதிய வடிவத்தை `revised_prompt` என்று திருப்பியும் தந்தது. அப்படிப்பட்ட இடத்தில் அட்டையில் சேர வேண்டியது அந்த விரித்து எழுதிய வடிவம்.

மாடலின் பதிப்பு மாறியதும் பழைய அட்டைகளை அழித்துவிடாதீர்கள். அவற்றை நம்பியும் இருக்காதீர்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5இலிருந்து 2022 நவம்பரில் 2.0 வந்தபோது, சொற்களைப் படிக்கும் பகுதியே மாற்றப்பட்டதால், அதுவரை பலர் சேர்த்திருந்த ப்ராம்ப்ட்கள் ஒரே நாளில் வேறு படங்களைத் தந்தன. நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஐந்தாறு அட்டைகளை மட்டும் எடுத்து, அதே சீட்களில் புதிய பதிப்பில் ஓட்டிப் பாருங்கள். சீட் பழைய படத்தைத் தராது. ஆனால் எட்டுக்கு எத்தனை என்ற கணக்கை ஒப்பிடலாம். காரணக் குறிப்புகளில் எவை இன்னும் உண்மை என்பதும் அதில் தெரிந்துவிடும். இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் உங்களிடம் இருக்கிற பழைய கோப்பைத் திறந்து, நீங்கள் மிகவும் நம்புகிற ஒரு ப்ராம்ப்ட்டை எடுத்து எட்டு சீட்களில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் நூலகத்தின் முதல் அட்டையை அதிலிருந்தே எழுதலாம்.